மூன்று மாடு வைத்தால் மிஞ்சுமா? நீலகிரிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரியிலிருந்து: "அண்ணா, மூணு ஜெர்சி கலப்பு வாங்கலாம்னு இருக்கேன். ஒண்ணு 12 லிட்டர் கறக்கும்னு சொல்றாங்க. சொசைட்டி விலை 36. ஒரு நாளைக்கு 1,296 ரூபாய் வருது. தீவனம் 500 போனாலும் 800 மிச்சம். கணக்கு சரிதானே?"

பெருக்கல் சரி, லிட்டர்தான் தப்பு. 12 லிட்டர் என்பது கன்று ஈன்று ஒன்றரை, இரண்டு மாதத்தில் வரும் உச்சப் பால். அதற்கப்புறம் மாதாமாதம் இறங்கும். உச்சப் பாலை 200-ஆல் பெருக்கினால் அந்த ஈத்துக்கு மொத்தம் எவ்வளவு கறக்கும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். உங்கள் மாட்டுக்கு 2,400 லிட்டர். அது பத்து மாதத்துப் பால். அடுத்த கன்றுக்கு நம் பக்கம் சாதாரணமாக 14 மாதம் ஆகிவிடுகிறது, அதாவது 420 நாள். 2,400-ஐ 420-ஆல் வகுத்தால் ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 5.7 லிட்டர்தான். மூன்றுக்கும் சேர்த்து 17 லிட்டர், 612 ரூபாய்.

இனி செலவு. கறக்கிற நாளில் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, பாலுக்கு லிட்டருக்கு 400 கிராம் என்று மாட்டுத் தீவனம் வைக்க வேண்டும். வற்றிய நாளில் இரண்டு கிலோ. 420 நாளுக்கும் பரப்பிப் பார்த்தால் மாட்டுக்கு நாலு கிலோ, மூன்றுக்கும் 12 கிலோ. கிலோ 30 என்று வைத்தால் 360 ரூபாய். வைக்கோல் கீழே சமவெளியிலிருந்து மலையேறி வருவதால் லாரி வாடகையும் அதன் தலையில்தான். கிலோ 8 என்று வைத்தாலும் மாட்டுக்கு மூன்று கிலோவுக்கு மொத்தம் 72. தாது உப்பு, சினை ஊசி, குடற்புழு மருந்து, அவ்வப்போது டாக்டர் எல்லாம் சேர்த்து 40 வையுங்கள். ஆக 472.

கையில் நிற்பது 140 ரூபாய். நீங்கள் நினைத்த 800 இல்லை. புல்லை நீங்களே அறுக்கிறீர்கள் என்று வைத்துத்தான் இந்த 140. கன்று குடிக்கிற பாலையும், மாடு வாங்கிய பணத்துக்கான வட்டியையும் இன்னும் கழிக்கவில்லை. தரகர் சொல்லும் லிட்டரை வைத்து மாட்டுக்கு விலை பேசலாம், வருமானத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

குன்னூர்: "மாட்டு லோன் மானியம் எப்போ வரும் சார்?"

உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நான் கணக்கு மட்டும்தான் பார்க்கிறேன்.

ஊட்டிப் பக்கம்: "எங்களுக்குக் கேரட் தழை, முட்டைக்கோஸ் இலை தோட்டத்துல சும்மா கிடைக்குது. தீவனச் செலவே கிடையாது. நீங்க 360 போட்டது ஜாஸ்தி."

பாதி சரி. கேரட் தழை நல்ல பச்சைத் தீவனம், செலவைக் குறைக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். வைக்கோலை நிறுத்திவிட்டுத் தழையும் மாவுமாகவே போட்டால் நார் போதாமல் பாலில் கொழுப்பு இறங்கும். மாட்டுத் தீவனத்தையும் நிறுத்தினால் சத்து போதாமல் கொழுப்பில்லாத் திடப்பொருளும் குறையும். சொசைட்டியில் பணம் இந்த இரண்டையும் பார்த்துத்தான் தருகிறார்கள். சீட்டில் லிட்டர் அப்படியே இருக்கும், விலை மட்டும் குறைந்திருக்கும். அதைப் பார்த்ததும் சொசைட்டிக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் தொட்டியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று, தோட்டத்தில் கடைசியாக மருந்து அடித்தது என்றைக்கு என்று கேட்காமல் ஒரு கட்டுகூடத் தூக்கி வராதீர்கள்.

மஞ்சூர்: "வீட்டு ஆள் செய்யற வேலைக்கு எதுக்குக் கூலி போடணும்? யாருக்குக் கொடுக்கப் போறோம்? அந்த 140-ம் லாபம்தான்."

ரொக்கம் வெளியே போகவில்லை என்பது வரை நீங்கள் சொல்வது சரி. மூன்று மாட்டுக்குப் புல் அறுத்து, சாணி அள்ளி, இரண்டு வேளை கறந்து, சொசைட்டிக்கு நடந்து வர நாலரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்கு வேறு வேலை இல்லாதவருக்கு 140 லாபம்தான்.

கேத்தியிலிருந்து ஒரு அக்கா இதற்கு எழுதியது: "அந்த 'வீட்டு ஆள்' நான்தான். தேயிலை பறிக்கப் போனா ஒரு நாளைக்கு 400. மாடு வந்த பிறகு அரை நாள்தான் போக முடியுது. பால் பணம் அவர் கணக்குல ஏறுது, என் 200 எந்தக் கணக்குலயும் இல்ல."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல! அக்கா விட்ட 200-ஐ எழுதினால் பாலில் தினம் 60 நஷ்டம்.

மீண்டும் மஞ்சூர்: "அக்கா, கொழுந்து இல்லாதப்போ வேலையும் இல்ல. அப்போ மாடுதானே சோறு போடுது? எருவைக் கணக்குல விட்டுட்டீங்களே அண்ணா."

எருவை விட்டது உண்மை. அக்கா, உங்கள் பக்கம் எரு என்ன விலை?

கேத்தி அக்கா: "உருளைக்கிழங்குக்காரங்க பிக்கப் லோடு 4,000-க்கு எடுக்கறாங்க. வருஷத்துக்கு நாலு லோடு தேறும். அதை அள்ளிக் குவிக்கறதும் நான்தான், அதையும் எழுதிக்கோங்க."

16,000 என்றால் நாளைக்கு 44 ரூபாய். அப்படியும் 16 ரூபாய் இடிக்கிறது. வேலை கிடைக்காத நாளுக்குக் கூலி போடலாமா கூடாதா என்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், என்னால் தீர்க்க முடியாது. ஆனால் பால் பணம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதை முதலில் பேசுங்கள்.

கூடலூர்: "ஒரு மாட்டுக்கு மாசம் எவ்வளவு லாபம் வரும்?"

முதல் பதிலைப் படியுங்கள்.

கோத்தகிரி: "அப்போ வாங்கவே வேண்டாமா? எதை மாத்தினா மிஞ்சும்?"

இரண்டு இடம் இருக்கிறது. முதலாவது சினை. ஒரு சினைப் பருவம் தவறினால் அடுத்தது 21 நாள் கழித்துத்தான். அந்த நாளெல்லாம் கடைசியில் வற்றிய நாளாகச் சேரும், தீவனமும் வைக்கோலுமாக 1,764 ரூபாய் போகும். ஈன்று இரண்டு மாதம் ஆனதும் விடியற்காலையும் இரவும் தொழுவத்தில் விளக்கடித்துப் பாருங்கள். வாலுக்குக் கீழே கண்ணாடி மாதிரிக் கோழை தொங்கினால், அல்லது மாடு கத்தினால், காலையில் கண்டதற்கு மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாள் காலையிலும் ஊசி. ஊசி போட்ட மூன்று மாதத்தில் சினை பார்க்கச் சொல்லுங்கள். 'கத்தவில்லை, சினைதான்' என்று நம்பி ஆறு மாதம் சும்மா தீவனம் போட்டவர்கள் நிறைய.

இரண்டாவது, வீட்டுக்கு ஊற்றுவது. 17-ல் ஏழு லிட்டரை 55-க்கு வாடிக்கை வீடுகளில் கொடுத்தால் தினம் 133 கூடும். ஆனால் இரண்டு மாடு ஒன்றாக வற்றினால் வாடிக்கை கைவிட்டுப் போகும். அதனால் மூன்றையும் ஒரே மாதத்தில் ஈனும்படி வாங்காதீர்கள்.

ஊட்டி: "டிசம்பர்ல உறைபனி விழுந்து புல்லெல்லாம் கருகிடுது. அந்த ரெண்டு மாசம்?"

நல்ல கேள்வி. கிக்குயு புல் கருகினால் வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும், வைக்கோலுக்கு 72 போட்ட இடத்தில் நூற்றைம்பதுகூட ஆகலாம். குளிர் தாங்கும் ஓட்ஸைச் செப்டம்பரில் விதைத்தால் பனிக்கு முன் ஒரு அறுப்பு கிடைக்கும்.

கோத்தகிரி: "சரிண்ணா, 18 லிட்டர் கறக்கற எச்.எஃப். மாடு வாங்கினா?"

உச்சமா, சராசரியா?