மாணவனின் புள்ளி எப்போது கோட்டைத் தாண்டுகிறது?

கேள்வி: வணக்கம் டாக்டருங்க. திருச்செங்கோடு பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். சுற்றுவட்டாரப் பள்ளி ஆலோசகர்களுக்கு எளிதில் பாதிக்கப்படும் தன்மையும் அழுத்தமும் சேர்ந்து மனநோய் வருவதை விளக்கும் ஸ்ட்ரெஸ்–வல்னரபிலிட்டி மாடல் பற்றி ஸ்லைடு போட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிடைக்கிற ஸ்லைடில் எல்லாம் ஒரு வாளியும் குழாயும்தான் இருக்கிறது. அதையே போடலாமுங்களா? 'குடும்பத்தில் மனநோய் இருந்தால் பிள்ளைக்கும் வந்துவிடும்' என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: வாளிப் படம், நோயிலிருந்து மீண்டு வருகிற ஒருவரோடு உட்கார்ந்து பேச நல்ல படம். வாளி அவர் தாங்கும் அளவு, விழுகிற தண்ணீர் அழுத்தம், அடியில் இருக்கும் குழாய் அவர் சமாளிக்கிற வழிகள். ஆனால் உங்கள் கூட்டத்துக்கு அது போதாது. அதில் ஒரு பிள்ளைதான் தெரியும், மாதங்கள் நகர்வது தெரியாது. தண்ணீர் வழிந்துவிட்டால் 'குழாயைத் திறக்கத் தெரியாத பையன்' என்று பழி பிள்ளை மேல் போய்விடும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய கவலை.

அதற்குப் பதிலாக ஒரு வரைபடம் போடுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ஜோசப் ஜூபினும் பானி ஸ்பிரிங்கும் 1977இல், இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது போன்ற அறிகுறிகள் வரும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோயை விளக்க முன்வைத்த கருத்தின் சாரம் அதில் வந்துவிடும். கிடைக்கோட்டில் எளிதில் பாதிக்கப்படும் தன்மை: இடப்பக்கம் குறைவு, வலப்பக்கம் அதிகம். செங்குத்துக் கோட்டில் அழுத்தம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு சாய்கோடு. கோட்டுக்குக் கீழே நலம், மேலே நோய். ஒவ்வொரு பிள்ளையும் இதில் ஒரு புள்ளி. இடப்பக்கம் இருப்பவர் கோட்டைத் தாண்டப் பெரிய அடி விழ வேண்டும். வலப்பக்கம் இருப்பவருக்கு ஒரு காலாண்டுத் தேர்வும் சில வாரத் தூக்கக் குறைவும் சேர்ந்தாலே போதுமாக இருக்கலாம். பாதிக்கப்படும் தன்மை நீண்ட நாள் கூடவே இருக்கும், நோய் வந்து போகும் என்பதுதான் அவர்கள் இருவரும் அழுத்திச் சொன்னது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அடுத்த ஸ்லைடில் எண்களையே போட்டுவிடுங்கள். பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் ஸ்கிசோஃப்ரினியா வருகிறது. தாய்மாமன், சித்தப்பா போன்ற உறவில் இருந்தால் அது சுமார் நான்கு. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் சுமார் பத்து. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருவதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, கிடைக்கோட்டில் பரம்பரை மட்டும் இல்லை என்பதையும் சேருங்கள். பிரசவச் சிக்கல், சிறு வயதில் பட்ட கொடுமை எல்லாம் புள்ளியை வலப்பக்கம் தள்ளும். கஞ்சாவும் அப்படித்தான். பதின்வயதில் அது கூடுதல் ஆபத்து.

அப்புறம் ஒரு மாணவனை எடுத்துக்கொண்டு மாதம் மாதமாகப் புள்ளி வையுங்கள். எடுத்துக்காட்டுக்காக நான் உருவாக்கும் பையன் இவன்: பள்ளிபாளையம், பிளஸ் டூ, அப்பாவுக்கு விசைத்தறி. தாய்மாமன் ஒருவர் பல வருடமாக மனநோய்க்கு மாத்திரை எடுக்கிறார், வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஜூன் மாதம் விடுதியில் சேருகிறான். வரைபடத்தின் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம், கோட்டுக்கு நன்றாகக் கீழே முதல் புள்ளி. ஜூலையில் நீட் பயிற்சியும் சேர்ந்து தூக்கம் ஐந்து மணி நேரமாகிறது. புள்ளி மேலே ஏறுகிறது, கோட்டை இன்னும் தொடவில்லை. ஆகஸ்டில் தறிக் கடன் விஷயமாக வீட்டில் சண்டை என்று போனில் கேட்கிறான். புள்ளி கோட்டை உரசுகிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, மார்க் பாதியாகிறது. அக்டோபரில் பக்கத்துக் கட்டில் பையன்கள் தன்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள் என்கிறான். கோட்டைத் தாண்டிவிட்டான். இந்த ஐந்து மாதமும் புள்ளி மேல்நோக்கி மட்டுமே நகர்ந்தது. அதே அறையில் அதே ஐந்து மணி நேரம் தூங்கிய நண்பனின் புள்ளியையும் இடப்பக்கம் வையுங்கள். அவன் சோர்ந்திருப்பான், சிடுசிடுப்பான், ஆனால் கோட்டுக்குக் கீழேயே இருப்பான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள், ஏனென்றால் பள்ளிகளில் பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். 'மார்க் குறைந்தது, பையன் மனசு உடைஞ்சு போயிட்டான்' என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். இந்தப் பையனின் கணக்கு நோட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை கடைசி வரை படிகள் ஒழுங்காக இறங்குகின்றன. ஆகஸ்ட் நடுவில் ஒரே வரி மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது, ஓரத்தில் கணக்குக்குச் சம்பந்தமில்லாத சின்னச் சின்ன வாக்கியங்கள், பல பக்கங்களில் கணக்கு பாதியில் நிற்கிறது. குளிப்பதும் நண்பர்களோடு சாப்பிடுவதும் அப்போதே நின்றுபோனதை அறைத் தோழன் சொல்கிறான். அப்படியென்றால் சரிவு தேர்வுக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. நோய் உள்ளே வர ஆரம்பித்ததால் மார்க் விழுந்தது, விழுந்த மார்க் புது அழுத்தமாகித் திரும்பி அவன் மேலேயே ஏறியது. எது முதலில் வந்தது என்று தேதி போட்டுப் பார்க்காத ஆலோசகர் 'எக்ஸாம் டென்ஷன், முடிந்தால் சரியாகிவிடும்' என்று அரையாண்டு வரை காத்திருந்துவிடுவார். சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகும். இந்த மாடல் கையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு அழுத்தத்தைக் காரணம் காட்டிவிட முடியும். அதுதான் இதில் உள்ள ஆபத்து.

சிகிச்சைக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதையும் அதே படத்தில் காட்டுங்கள். மாத்திரை புள்ளியை இடப்பக்கம் இழுக்கிறது, நிறுத்தினால் திரும்ப வலப்பக்கம் போகிறது. தூக்கமும் பாடச்சுமைக் குறைப்பும் அதைக் கீழே இறக்குகின்றன. பள்ளியின் கை நேரடியாக எட்டுவது இந்த மேல் கீழ் நகர்வுக்குத்தான். 1970களில் லண்டனில் செய்த ஆய்வுகளில், ஓயாமல் குறை சொல்கிற, வெறுப்பைக் காட்டுகிற அல்லது அளவு மீறிப் பொத்திப் பொத்திப் பார்க்கிற வீடுகளுக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் அது ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு. விடுதியில் வார்டன் பேசுகிற தொனியும் இந்தக் கணக்கில் வரும் என்றே நான் நினைக்கிறேன். திரும்பி வந்த பையனைச் சும்மா உட்கார வைப்பதும் சரியில்லை. முதலில் அரை நாள் வகுப்பு, இரவு எட்டு மணி நேரத் தூக்கம், பிறகு பாடங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இந்தப் படத்தில் ஒரு பிள்ளையின் இடத்தை அளந்து சொல்லும் கருவி எதுவும் கிடையாது. சேர்க்கைப் படிவத்தில் 'குடும்பத்தில் மனநோய் உண்டா' என்று கேட்டு வலப்பக்கப் பிள்ளைகள் என்று பட்டியல் போட ஆரம்பித்தால், வீடுகள் இன்னும் மூடிக்கொள்ளும். தாய்மாமன் கதை, பிள்ளையின் நடவடிக்கை மாறிய பிறகு, அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டியது. பெரிய அழுத்தம் எதுவும் தெரியாமலே நோய் வருகிறவர்களும் உண்டு. அதனால் காரணம் கிடைக்கவில்லை என்று மருத்துவரிடம் அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசி ஸ்லைடில் எப்போது அனுப்புவது என்பதை எழுதுங்கள். தூக்கம், குளியல், நட்பு, எழுத்து இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரமாக மாறியிருந்தால் பெற்றோரை வரவழைத்து மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். குரல் கேட்கிறது, யாரோ கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே அனுப்ப வேண்டும், பிள்ளையைத் தனியாக விடவும் கூடாது. எந்த நேரமும் தமிழிலேயே பேச, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. இதை ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டு, அவர்கள் போனில் பதிந்துகொள்ளும் வரை திரையிலேயே விட்டு வையுங்கள்.