வால் ஆட்டும் நாய் ஏன் உறுமியது?

"செந்தூல் பிளாட்டில் இருக்கிறோம். அக்கா மகன் (4 வயது) கட்டிப்பிடித்தால் எங்கள் நாய் கொட்டாவி விடும், வாலும் ஆட்டும். நேற்று திடீரென்று உறுமிவிட்டது. ஏன்?"

திடீரென்று இல்லைங்க, அந்தக் கொட்டாவியே முதல் எச்சரிக்கை. தூங்கி எழுந்து விடும் கொட்டாவி வேறு. பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வருவது பெரும்பாலும் பதற்றம்தான். அதோடு, சாப்பாடு எதுவும் இல்லாமல் உதட்டையோ மூக்கையோ சட்டென்று நக்குகிறதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை மட்டும் பிறை மாதிரி தெரிகிறதா என்று பாருங்கள்.

வால் ஆட்டினால் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பெல்லாம் தளர்ந்து இடுப்போடு சேர்ந்து ஆடினால் சரி. உடம்பு விறைத்து, வால் மட்டும் உயரத் தூக்கி வேகமாகத் துடித்தாலோ, கால்களுக்கிடையே தாழ்ந்து ஆடினாலோ பிள்ளையை உடனே விலக்குங்கள். ஆனால் நம்மூர்த் தெரு நாய் வகையில் சிலவற்றுக்கு வால் இயல்பாகவே சுருண்டு மேலே நிற்கும், அதனால் அது நிம்மதியாக இருக்கும்போது வால் எங்கே இருக்கிறது என்று முதலில் கவனித்து வையுங்கள், அதிலிருந்து மாறுவதைத்தான் பார்க்க வேண்டும்.

உறுமியதற்குத் திட்டவோ அடிக்கவோ வேண்டாம். அப்புறம் உறுமலை விட்டுவிட்டு நேராகக் கடிக்கக்கூடும்.

கட்டிப்பிடிப்பதை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தம்பி மார்புப் பக்கம் 3 விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்கட்டும். நாய் தானாக நெருங்கி வந்தால் தொடரலாம், விலகினால் விட்டுவிடணும். இதற்கு முன் உறுமியதே இல்லை என்றால் காது, இடுப்பில் வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள்.