கார்கர் அல்காரிதம்: ஒரு ஓட்டத்தில் வெற்றி வாய்ப்பு 2/(n(n−1)) எப்படி வருகிறது?

"ஏதோ ஒரு விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு சுருக்கினால் மினிமம் கட் எப்படிக் கிடைக்கும்? அந்த 2/(n(n−1)) எங்கிருந்து வருகிறது?"

n முனைகள் கொண்ட கிராஃபை இரண்டாகப் பிரிக்க வெட்ட வேண்டிய மிகக் குறைந்த விளிம்புகளே மினிமம் கட். விளிம்பைச் சுருக்குவது என்றால் அதன் இரு முனைகளையும் ஒன்றாக்குவது. ஒரு குறிப்பிட்ட மினிமம் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் k விளிம்புகள். அவற்றில் ஒன்றையும் தொடாமல் இரண்டே முனைகள் மிஞ்சும்வரை சுருக்கினால் அந்த வெட்டே விடை.

எந்த முனையிலும் k விளிம்புகளுக்குக் குறைவாக இருக்காது. இருந்தால் அந்த முனையைத் தனியே பிரிப்பதே இன்னும் சிறிய வெட்டாகிவிடுமே! ஆகவே மொத்த விளிம்புகள் குறைந்தது nk/2. அந்த k விளிம்புகளில் ஒன்று கையில் சிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் 2/n. சுருக்கிய பிறகும் இதே வாதம் செல்லும். 4 முனைகள் என்றால் தப்பிக்கும் வாய்ப்பு குறைந்தது 2/4 × 1/3 = 1/6. பொதுவாகப் பெருக்கினால் நடுவில் உள்ளவை அடிபட்டு 2/(n(n−1)) மிஞ்சும்.

10 முனைகளுக்கு இது 1/45. சொற்பம்தான். ஆனால் 207 முறை ஓட்டிச் சிறியதை வைத்துக்கொண்டால், தோற்கும் வாய்ப்பு அதிகபட்சம் (44/45)^207, அதாவது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு ஓட்டமும் ஏதோ ஒரு உண்மையான வெட்டைத்தான் தரும். விடை பெரிதாகலாம், சிறிதாகவே ஆகாது. மினிமத்தைவிடச் சிறிய எண் வந்தால் கோடில் பிழை.

பெரும்பாலும் அது ஒரே இரு முனைகளை இணைக்கும் இணை விளிம்புகளை ஒன்றாக்கிவிடுவதுதான். சுருக்கும்போது ஒரு முனையை அதனுடனேயே இணைக்கும் சுயவளையங்களை மட்டும் நீக்குங்கள், இணை விளிம்புகள் அத்தனையும் இருக்கட்டும்.