மருந்து முடிந்தும் கோடு விழுகிறது

“அண்ணா, கிளிநொச்சியில் இருக்கிறோம். உகண்டாவால் வந்த தம்பிக்கு ஃபல்சிபாரம் மலேரியா. மருந்து முடிந்து 14 நாள், காய்ச்சலும் இல்லை. ஆனால் கிட்டில் இன்னும் பொசிட்டிவ். மருந்து பிடிக்கவில்லையா?”

தங்கச்சி, அந்தக் கோட்டை மட்டும் வைத்து அப்படி முடிவு எடுக்காதீங்கோ. அந்த வகைக் கிட் பெரும்பாலும் தேடுவது எச்ஆர்பி-2 என்ற புரதத்தை. ஒட்டுண்ணி செத்த பிறகும் அது இரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும், சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும். உயிருள்ளதா, எத்தனை என்று கிட் சொல்லாது.

அதற்குத்தான் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. தடித்த பூச்சில் நிறைய இரத்தம் ஒரே இடத்தில் சேர்வதால் கொஞ்ச ஒட்டுண்ணியும் அகப்படும். மெல்லிய பூச்சில் சிவப்பணு உடையாமல் இருக்கும். இனத்தையும் பருவத்தையும் அதில்தான் தெளிவாகப் பார்க்கலாம். பருவம் இங்கே முக்கியம். நுளம்புக்குள் போய்ப் பெருகும் பருவமான வாழைப்பழ வடிவக் கமீட்டோசைட் மட்டும் தெரிந்தால் அது மருந்து தோற்றதாகாது, ஆனால் நுளம்புக்குத் தொற்றும். சிவப்பணுவுக்குள் வளரும் வளையப் பருவம் தெரிந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

மாவட்ட மலேரியாப் பிரிவில் இரண்டு பூச்சும் கேளுங்கோ. இடையில் காய்ச்சல் வந்தால் ஒரு நெகட்டிவோடு நிறுத்தாமல், 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும் எடுக்கச் சொல்லுங்கோ.