பவர் இருக்கு, படம் இருட்டு: ரிட்டன் வந்த செட்கள் பற்றிச் சில கேள்விகள்

எல்.இ.டி. டிவி ஆன் ஆகுது, டிஸ்பிளே வரல. எந்த போர்டு மாத்தணும்? (தொண்டி)

எத்தனை இஞ்ச், சத்தம் வருகிறதா, முன்பு யாராவது திறந்திருக்கிறார்களா என்று ஒன்றும் எழுதவில்லை. உங்கள் ஜாப் கார்டிலும் "டிஸ்பிளே வரல" என்ற இரண்டே சொல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு போர்டு வாங்கினால் கைக்காசு போகும்.

இருட்டு மூன்று வகை. செட்டே எழாதது ஒன்று. செட் எழுந்து, உள்ளே படமும் ஓடி, பின்னால் வெளிச்சம் மட்டும் இல்லாதது இன்னொன்று. வெளிச்சம் இருந்தும் படம் வராதது மூன்றாவது. ரிமோட்டுக்கு விளக்கு மாறுகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்தால் முதல் வகை தனியே பிரிந்துவிடும். மற்ற இரண்டையும் பிரிக்க ஒரு டார்ச் போதும். அறை விளக்கை அணைத்து, ரிமோட்டில் மெனுவை அழுத்தி, டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். மெனு எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது.

பேக்லைட் என்று தெரிந்த பிறகு மீட்டரை எடுங்கள். ஸ்டாண்ட்பை 5 வோல்ட், ஆன் செய்ததும் 12 வோல்ட், மெயின் போர்டிலிருந்து வரும் பி.எல். ஆன் சிக்னல் 3 வோல்ட் சுமார், கடைசியாக ஸ்ட்ரிப்புக்குப் போகும் எல்.இ.டி. பிளஸ். இந்த வரிசையில் பாருங்கள். கடைசி அளவுக்கு மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு: மீட்டரை முதலில் மாட்டிவிட்டு அப்புறம்தான் செட்டை ஆன் செய்ய வேண்டும். ஸ்ட்ரிப்பை எரிய வைக்கும் எல்.இ.டி. டிரைவர் ஒன்றிரண்டு நொடி முயன்று பார்த்துவிட்டுப் படுத்துவிடும். அது படுத்த பிறகு புரோபை வைத்து, "வோல்ட் இல்லை, போர்டு போச்சு" என்று எழுதியவர்கள் நிறைய.

வோல்ட் ஏறவே இல்லையென்றால் பி.எல். ஆன் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மெயின் போர்டு பக்கம் போங்கள், வந்தால் டிரைவரையும் அதன் சப்ளையையும் பாருங்கள். வழக்கத்தைவிட மேலே ஏறிச் சட்டென்று விழுந்தால் ஸ்ட்ரிப் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அதன் கனெக்டரில் பிடிப்பு இல்லை. வழக்கமான அளவைத் தொடுவதற்கு முன்பே விழுந்தால் கீழே பாம்பன் கடிதத்தைப் படியுங்கள்.

பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை: பிரைமரி கெப்பாசிட்டரின் சார்ஜை இறக்குங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஒயரோடு மேசையில் இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணுவது வீரம் இல்லை.

ஸ்ட்ரிப்பில் ஒரு எல்.இ.டி. மட்டும் போயிருக்கு. அதை ஷார்ட் பண்ணிக் கொடுக்கலாமா? (கீழக்கரை)

கொடுக்கலாம், மூன்று மாதத்தில் திரும்பி வரும். மிச்ச எல்.இ.டி.களும் அதே வயதுதான், அதே சூட்டில்தான் இருந்தவை. முழு செட்டாக மாற்றுங்கள். வாங்கும் முன் பழையது 3 வோல்ட் வகையா 6 வோல்ட் வகையா என்று டெஸ்டரில் பாருங்கள், உருவத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மாற்றிய பிறகு கரண்ட்டைக் கால்வாசி குறைத்துவிடுவது என் வழக்கம். டிரைவரின் சென்ஸ் ரெசிஸ்டர்கள் இணையாக நான்கைந்து இருக்கும், அதில் ஒன்றை எடுத்தால் போதும். வெளிச்சம் குறைந்ததை வாடிக்கையாளர் கண்டுபிடிப்பது அபூர்வம். பேக்லைட் டெஸ்டரின் முனையில் 300 வோல்ட் வரை வரும், வெறும் கையால் தொடாதீர்கள்.

32 இஞ்ச் டிவி, மூன்றாவது முறையாக ரிட்டன். சத்தம் இருக்கு, படம் இருட்டு. கடையில் ஹேர் டிரையர் போட்டால் ஓடுது, நாள் முழுக்க ஓடவிட்டும் பார்த்தேன். வீட்டுக்குப் போனால் மறுநாள் காலையிலேயே இருட்டு. டிரைவர் ஐ.சி. மாற்றியாச்சு. (பாம்பன்)

இந்தக் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன். "காய வைத்தேன், சரியாச்சு" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ராமேஸ்வரம் தீவு முழுக்க, மண்டபம் வரைக்கும், ரிட்டன் செட்டில் பாதி இந்த ஹேர் டிரையர் ரிப்பேர்தான்.

உங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் அடித்தாலும் கடலைத் தாண்டித்தான் வருகிறது. செட்டின் பின்பக்கத் துளை வழியாக அந்தக் காற்று போய் போர்டின் மேல் உப்பைப் படிய வைக்கிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே கசகசக்கும். கடைக்குள் பகல் வெயில், பக்கத்தில் சால்டரிங் அயர்ன், போர்டும் சூடு, அதனால் ஓடுகிறது. வீட்டில் ராத்திரி முழுக்க அணைத்து வைத்த செட் விடியற்காலையில் ஈரத்தோடு ஆன் ஆகிறது, இருட்டடிக்கிறது. டிரையர் தண்ணீரைத்தான் எடுக்கும், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரி, அந்த ஈரம் எங்கே போய்க் கெடுக்கிறது? இதே குணத்தோடு என் மேசைக்கு வந்த ஒரு 32 இஞ்ச் செட்டையே சொல்கிறேன். இரண்டு ஸ்ட்ரிப், ஒவ்வொன்றிலும் ஏழு எல்.இ.டி., ஒன்றுக்கு 6 வோல்ட். எல்லாம் வரிசையில் இருப்பதால் எரிவதற்கு 84 வோல்ட் வேண்டும். ஸ்ட்ரிப் அறுந்துபோனால் வோல்ட் கண்டபடி ஏறாமல் இருக்க டிரைவரில் ஓ.வி.பி. என்ற காவல் இருக்கிறது. எல்.இ.டி. பிளஸ்ஸிலிருந்து மேலே 1 மெகா ஓம், கீழே 18 கிலோ ஓம், நடுவிலிருந்து ஐ.சி.யின் காலுக்கு ஒரு கோடு. அந்தக் காலில் 2 வோல்ட் வந்தால் ஐ.சி. நிறுத்திவிடும். கணக்குப் போட்டால் 113 வோல்ட்டில்தான் நிறுத்த வேண்டும். 84-க்கும் அதற்கும் நல்ல இடைவெளி இருக்கிறது.

மேலே இருக்கும் அந்த 1 மெகா ஓமுக்கு அடியில் உப்பு ஈரமானால் அதன் குறுக்கே இன்னொரு பாதை உண்டாகிறது. அந்தப் பாதை 2 மெகா ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இணைந்து சுமார் 670 கிலோ ஓம் ஆகிவிடும். இப்போது ஐ.சி. 76 வோல்ட்டிலேயே நிறுத்திவிடும். எல்.இ.டி.க்கு 84 வேண்டும், கிடைப்பது 76, அதனால் ஒரு மினுக்கல்கூட வராது. ஐ.சி. நல்லது, ஸ்ட்ரிப் நல்லது, ரெசிஸ்டரும் நல்லது, செட் இருட்டு. நீங்கள் ஐ.சி.யை மாற்றியபோது சரியானது போலத் தெரிந்தது, ஹாட் ஏர் அடித்ததில் அந்த இடம் காய்ந்ததனால்தான்.

இதை நிரூபிப்பது சுலபம். செட்டைப் பிளக்கிலிருந்து எடுத்து, கெப்பாசிட்டரை இறக்கி, ஸ்ட்ரிப் கனெக்டரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பை எல்.இ.டி. பிளஸ்ஸிலும் கறுப்பை ஓ.வி.பி. காலிலும் வையுங்கள். அவுட்புட் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் வரை எண் மெல்ல ஏறும், நிலைக்கட்டும். 1 மெகா ஓம் பக்கம் நின்றதும், கண்ணாடியைத் துடைக்க ஊதுகிற மாதிரி அந்த இடத்தில் வாயால் ஆவி விடுங்கள். என் மேசையில் அந்த எண் கண்ணெதிரே 700 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கியது, அரை நிமிடத்தில் மறுபடி ஏறியது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ரெசிஸ்டரின் இரு முனையிலும் பச்சை பூத்திருந்தது. இப்படி எண் இறங்கினால் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

கழுவுவதிலும் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். நேராக ஐ.பி.ஏ.வை ஊற்றுகிறார்கள். ஐ.பி.ஏ.வில் சால்டரிங் பிளக்ஸ் கரையும், உப்பு கரையாது, இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான். போர்டைத் தனியே கழற்றி, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை ஒருமுறை மாற்றி மறுபடி கழுவுங்கள். பிறகுதான் ஐ.பி.ஏ., அது தண்ணீரை வெளியே தள்ள. கடைசியில் 50, 60 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காய விடுங்கள். பச்சை தின்ற ரெசிஸ்டரை மாற்றிவிடுங்கள், பத்துப் பைசா சாமான். மறுபடி வாயால் ஊதிப் பாருங்கள். எண் அசையக் கூடாது.

டெலிவரிக்கு முன் பகலெல்லாம் ஓடவிட்டுப் பார்ப்பது இந்தக் கோளாறுக்குச் சோதனையே இல்லை. ராத்திரி செட்டை அணைத்து, மழை படாத வராந்தாவில் வையுங்கள். விடிந்ததும் முதல் வேலையாக அங்கேயே ஆன் செய்யுங்கள். எரிந்தால் அனுப்புங்கள்.

படகு ஜி.பி.எஸ். ஸ்க்ரீன் கறுப்பு, பட்டனை அழுத்தினால் பீப் வருது. கடைக்குக் கொண்டு வந்தால் நல்லா எரியுது. (மண்டபம்)

கொண்டு வந்தவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தாரா? போலரைஸ்டு கண்ணாடி வழியாகச் சில கோணத்தில் எல்.சி.டி. முழுக் கறுப்பாகத் தெரியும். ராத்திரிக்காகக் குறைத்த பிரைட்னஸ் அப்படியே இருந்தாலும் வெயிலில் ஒன்றும் தெரியாது. இரண்டும் இல்லையென்றால் படகுக்கே போங்கள். செட்டின் பிளக்கில் சும்மா அளந்தால் 12.5 வோல்ட் காட்டும், நம்பாதீர்கள். ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை அங்கே எரியவிட்டு அளங்கள். 9-க்கு விழுந்தால் ஒயர் உள்ளே கறுத்திருக்கிறது. பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். வரவே இல்லையென்றால் ஒயரையே மாற்றுங்கள், டின் பூசிய செம்பு ஒயர் போடுங்கள்.

லாட்ஜ் டிவி. பேக்லைட் எரியுது, படம் இல்லை, சத்தம் உண்டு. (ராமேஸ்வரம்)

டி-கான் போர்டின் இன்புட் பியூஸில் இரண்டு பக்கமும் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள், சின்னப் பேனலில் 5 வோல்ட்டாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பியூஸை மாற்றும் முன் ஷார்ட் எங்கே என்று தேடுங்கள். இரண்டு பக்கமும் வந்து, பேனல் ஓரத்து ஃபிளெக்ஸ் ரிப்பனை விரலால் லேசாக அழுத்தும்போது படம் எட்டிப் பார்த்தால் அது பாண்டிங் போன பேனல். பாண்டிங் மெஷின் இல்லாத கடையில் அதற்கு வைத்தியம் இல்லை. பேப்பரை மடித்துச் சொருகி அனுப்பாதீர்கள், வாடிக்கையாளரிடம் பேனல் விலையைச் சொல்லிவிடுங்கள். கெப்பாசிட்டரை இறக்கிவிட்டுத்தானே கை வைத்தீர்கள்?

கழுவிய போர்டுக்கு லேக்கர் அடிக்கலாமா? (ஏர்வாடி)

அடிக்கலாம், அக்ரிலிக் வகை, மெல்லியதாக இரண்டு கோட். கனெக்டர், ஹீட் சிங்க் உட்காரும் இடம், ரிமோட் சென்சார் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறையுங்கள். கழுவாமல் அடித்தால் உப்பை உள்ளே வைத்து மூடுகிறீர்கள், அடுத்த ஆள் சுரண்ட வேண்டியிருக்கும்.