அடிக்குறிப்பா, பின்னிணைப்பா, இல்ல மெயின் டெக்ஸ்ட்லயே வைக்கணுமா?

கேள்வி: ஆபீஸ்ல புதுசா வந்த வேலை முறை பத்தி ஸ்டாஃப் கிட்ட சர்வே எடுத்து 40 பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிருக்கேன் சார். 60 ஃபுட்நோட்டுக்கு மேல வந்துருச்சு. படிக்கவே முடியலன்னு மேனேஜர் திருப்பி அனுப்பிட்டாரு. எதை அடிக்குறிப்பா வைக்கணும், எதை கடைசிக்கு தள்ளணும், எதை பின்னிணைப்புல போடணும்?

பதில்: முதல்ல ஒண்ணு, ஃபுட்நோட்டை எண்ணி குறைக்கற வேலைல இறங்காதீங்க. 60-ஐ 20 ஆக்கணும்னு உக்காந்தா நீளமா இருக்கறதெல்லாம் போயிடும், குட்டி குட்டியா இருக்கறது தங்கிடும், ஆனா அந்த நீளமானதுல ஒண்ணு ரிப்போர்ட்டோட முடிவையே மாத்தற விஷயமா இருக்கலாம். அதனால ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, மெயின் டெக்ஸ்ட்டை மட்டும் படிச்சுட்டு போறவர் இதை பாக்கலன்னா தப்பா புரிஞ்சுக்குவாரான்னு மட்டும் கேளுங்க. ஆமான்னா அது குறிப்பே இல்ல, மேல வாக்கியத்துக்குள்ள வரணும். ஏன்னா சின்ன எழுத்துல கீழ இருக்கறதை எல்லாரும் படிப்பாங்கன்னு நம்பி ஒரு ரிப்போர்ட் எழுதவே கூடாது, முடிவெடுக்கற ஆளு பெரும்பாலும் படிக்க மாட்டாரு.

உங்க ரிப்போர்ட் மாதிரியே ஒரு பத்தியை வச்சு பாப்போம், நம்பரெல்லாம் உதாரணத்துக்கு நான் போட்டது. "புது முறை நேரத்தை மிச்சப்படுத்துதுன்னு 75% பேர் சொல்றாங்க"ன்னு ஒரு வாக்கியம், அதுக்கு கீழ அஞ்சு ஃபுட்நோட். ஒண்ணு, 200 பேருக்கு ஃபார்ம் அனுப்பினோம், 124 பேர்தான் பதில் தந்தாங்க, அதுல 93 பேர். ரெண்டாவது, அஞ்சு மார்க் அளவுல 4, 5 போட்டவங்களை சேர்த்துதான் "மிச்சம்"னு எடுத்துருக்கோம். மூணாவது, போன வருஷ ரிப்போர்ட்டோட பேரும் பக்க எண்ணும். நாலாவது, கேட்ட 18 கேள்விகளும் வரிசையா. அஞ்சாவது, "இருந்தாலும் நைட் ஷிஃப்ட்ல பதில் சொன்ன 20 பேர்ல 6 பேர்தான் இப்படி சொன்னாங்க."

இதுல அஞ்சாவதை பாருங்க. நைட் ஷிஃப்ட்ல 30% தான், அவங்களை கழிச்சா மீதி 104 பேர்ல 87 பேர், அதாவது கிட்டத்தட்ட 84%. அப்போ 75%ங்கறது ரெண்டு கூட்டத்துக்குமே சரியா பொருந்தாத ஒரு சராசரி. இதை அடில வச்சுட்டு மேல 75%னு மட்டும் எழுதினா, மேனேஜர் நைட் ஷிஃப்ட்டுக்கும் அதே முறையை அப்படியே நீட்டிச்சுடுவாரு, தப்பு அவர் மேல இல்ல. இந்த மாதிரி குறிப்பை கண்டுபிடிக்க ஒரு சுலபமான அடையாளம் இருக்கு, அது "ஆனா", "இருந்தாலும்", "இதுல இவங்க சேரல" மாதிரிதான் ஆரம்பிக்கும். உங்க 60-லயும் அப்படி ஆரம்பிக்கறதை எல்லாம் முதல்ல தனியா எடுத்து வைங்க, நிறைய மேல ஏற வேண்டியதா இருக்கும்.

முதல் குறிப்பும் மேலதான் வரணும். 200-ல 76 பேர் பதிலே தரலங்கறது 75%ஐ எவ்வளவு நம்பலாம்ங்கறதையே தீர்மானிக்குது. ஆக வாக்கியம் இப்படி ஆகும்: "பதில் தந்த 124 பேர்ல (அனுப்பினது 200 பேருக்கு) 93 பேர், அதாவது 75%, நேரம் மிச்சமாகுதுன்னு சொன்னாங்க, ஆனா நைட் ஷிஃப்ட்ல 20-க்கு 6 பேர்தான்." கொஞ்சம் நீளம்தான், ஆனா படிக்கறவர் கண்ணு எங்கயும் கீழ இறங்கி ஏற வேண்டாம்.

ரெண்டாவது குறிப்புதான் உண்மையான ஃபுட்நோட். 4, 5 சேர்த்தோம்ங்கறது அந்த இடத்துல ஒருத்தருக்கு உடனே தோணக்கூடிய சந்தேகம், ரெண்டு வரில தீந்துடும், தெரியலன்னாலும் அர்த்தம் தலைகீழா போகாது. ஆனா இதே விளக்கத்தை 12 இடத்துல திரும்பத் திரும்ப போட்டுருந்தீங்கன்னா, சர்வே எப்படி பண்ணோம்னு சொல்ற பகுதில ஒரே தடவை சொல்லிட்டு 12-ஐயும் எடுத்துடுங்க. 60 ஃபுட்நோட் வர்ற ரிப்போர்ட்ல இந்த ரிப்பீட்டு கண்டிப்பா கொஞ்சம் இருக்கும்.

மூணாவது வெறும் ஆதாரம். சரிபாக்கறவருக்குத்தான் வேணும், அதுவும் படிச்சு முடிச்சப்புறம். இது எண்ட்நோட்டுக்கு போகலாம், இல்லன்னா கடைசில ஆதாரப் பட்டியல் இருந்தா அங்க. எண்ட்நோட்ல விளக்கம் எதுவும் கலக்காதீங்க, ஒரு தடவை பின்னாடி போய் பாத்து வெறும் பக்க எண்தான் இருந்துச்சுன்னா அடுத்த தடவை யாரும் திருப்ப மாட்டாங்க, அங்க விளக்கம் இருந்தா அது வீணாகிடும். வேர்ட்ல எழுதறீங்கன்னா ஃபுட்நோட் மேல ரைட் க்ளிக் பண்ணா Convert to Endnote வரும், கையால வெட்டி ஒட்டாதீங்க, எண் வரிசை குழம்பிடும்.

நாலாவது, 18 கேள்வி, பின்னிணைப்பு. ஃபுட்நோட் ரொம்ப நீளமானா அடுத்த பக்கத்துக்கு வழிஞ்சுடும், அப்போ எந்த எண்ணுக்கு எந்த குறிப்புன்னே தெரியாது, அதனால அஞ்சாறு வரி தாண்டினாலே அது இடம் மாறணும்னு எடுத்துக்கலாம். பின்னிணைப்புக்கு நான் பாக்கறது, அதை தனியா பிரிச்சு எடுத்து ஒருத்தர் கைல கொடுத்தா அவருக்கு புரியுமாங்கறது. கேள்வித்தாள் புரியும், ஷிஃப்ட் வாரியான முழு டேபிளும் புரியும், தலைப்பும் ரெண்டு வரி அறிமுகமும் இருந்தா போதும். மெயின் டெக்ஸ்ட்ல எங்க பேசறீங்களோ அந்த வரிசைலயே பின்னிணைப்பு 1, 2ன்னு கொடுங்க, எங்கயுமே குறிப்பிடாத பின்னிணைப்பை எடுத்துடுங்க. "பின்னிணைப்பு பார்க்க"ன்னு மொட்டையா விடாம "முழு கேள்வித்தாள் பின்னிணைப்பு 1-ல"ன்னு எழுதினா, திருப்பணுமா வேண்டாமான்னு அவரே முடிவு பண்ணிக்குவாரு. இன்னொண்ணு, ஒரே பின்னிணைப்பு டேபிளை நாலஞ்சு தடவை காட்ட வேண்டி வந்தா அதோட சுருக்கம் மெயின் டெக்ஸ்ட்லயே வந்தாகணும். இந்த கேஸ்ல பகல், நைட்னு ரெண்டு வரிசை உள்ள சின்ன டேபிள் போதும்.

அந்த டேபிளுக்கு குறிப்பு வேணும்னா டேபிளுக்கு நேர் கீழயே போடுங்க, அதுவும் எண்ணால இல்ல, அ, ஆன்னு எழுத்தால. 87-க்கு பக்கத்துல மேல சின்னதா 3 போட்டா அது 873-ஆன்னு ஒரு நிமிஷம் குழம்பும். டேபிளை வேற இடத்துக்கு நகர்த்தினாலும் குறிப்பு கூடவே வரும்.

பிரிச்சு முடிச்சதும் எல்லா குறிப்பு எண்ணையும் எடுத்துட்டு ஒரு காப்பி சேவ் பண்ணி, சர்வேல சம்பந்தப்படாத ஒருத்தர் கிட்ட இந்த 75% மாதிரி முடிவு வர்ற ஒரு அத்தியாயத்தை மட்டும் கொடுங்க. படிச்சுட்டு என்ன முடிவு புரிஞ்சுதுன்னு கேளுங்க, பாராட்டு வேண்டாம். "எல்லாருக்கும் பிடிச்சிருக்கு"ன்னு அவர் சொன்னா, நைட் ஷிஃப்ட் இன்னும் கீழயேதான் இருக்கு.