கிரேனை அழித்த பிறகு: வாசகர் கேள்விகள்

படத்தில் தெரிந்த கிரேனின் கையை ஃபோட்டோஷொப்பின் ஹீலிங் பிரஷால் அழித்தேன். கட்டட விளிம்பில் கறுப்பு ஈசிவிட்டது. ஏன்? (உப்புவெளி வாசகி)

ஹீலிங் பிரஷ் சுற்றியுள்ள நிறத்தையும் சேர்த்துக் குழைக்கும். பக்கத்தில் கரிய சுவர் இருந்தால் அதையும் இழுத்துக்கொள்ளும். வெறும் வானத்தில் அது போதும். விளிம்புக்கு இருபது முப்பது பிக்சல் இருக்கும்போதே நிறுத்துங்கள். வானத்தை மட்டும் செலக்ட் செய்து, மிச்சத்தைக் குளோன் ஸ்டாம்பால் முடியுங்கள். எல்லாம் தனி லேயரில்!

உவர்மலையிலிருந்து உள்துறைமுகப் பக்கம் எடுத்த மாலைப் படம். கிரேன் நின்ற இடம் பிரிண்டில் திட்டாகவும் வரிவரியாகவும் தெரிகிறது. படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். (உவர்மலை வாசகர்)

வட்ஸ்அப்பில்! எத்தனை தரம்தான் சொல்வது? சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சிறிதாக்கி நசுக்கிவிடும். அந்த நசுக்கலில் முதலில் அடிபடுவது மாலை வானம்தான். மெல்ல மாறும் நிறம் படிப்படியாக உடைந்து வரியாகும். அந்தப் பிரதியில் வேலை செய்துவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய? ரோ கோப்பை எடுத்து 16 பிட்டில் திறவுங்கள். ரோ இல்லையென்றால் கமெரா தந்த அசல் ஜேபெக்கையாவது எடுங்கள். எனக்கு அனுப்புவதென்றால் டொகியுமென்டாக அனுப்புங்கள்.

சரி, திட்டுக்கு வருவோம். நீங்கள் கிரேனுக்கு மேலிருந்த வானத்தை எடுத்துக் கீழே ஒட்டியிருக்கிறீர்கள். அடிவானம் நோக்கி வெளிச்சம் கூடும். மேல்வானம் அங்கே பொருந்தாது. எப்போதும் அதே உயரத்தில், பக்கவாட்டில் எடுங்கள். உங்கள் படத்தில் சூரியன் இடப்பக்கம் இறங்குகிறது. ஆகவே கிரேனின் இடப்புறம் ஒரு துண்டு, வலப்புறம் ஒரு துண்டு எனத் தனித்தனி லேயரில் பிரதி எடுங்கள். இரண்டையும் கிரேனின் மேல் நகர்த்தி, மேல் லேயரின் மாஸ்க்கில் இடமிருந்து வலமாக ஒரு கிரேடியன்ட் இழுத்தால் ஒன்று மற்றதில் கரையும். நிஜ வானத்தின் துண்டு என்பதால் அதன் குருணையும் கூடவே வரும். வெறும் கிரேடியன்டால் வானத்தை நிரப்பினால் அந்த இடம் மட்டும் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுப்பாக நிற்கும். அப்போது Add Noise-இல் ஒரு சதவீதம் அளவில் தூவ வேண்டிவரும்.

முடித்ததும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு வளைவை நன்றாகச் செங்குத்தாக்குங்கள். கண்ணுக்குத் தப்பிய திட்டெல்லாம் பளிச்சென்று தெரியும். திருத்திவிட்டு அந்த லேயரை அழித்துவிடுங்கள்.

விளம்பரப் பலகை மறைத்த இரண்டு யன்னல்களை எங்கிருந்து எடுப்பது? (லிங்கநகர் வாசகர்)

அதே கட்டடத்தின் அதே வரிசையிலிருந்து. தூரம் போகப்போக யன்னல் ஒடுங்கும். அதற்கேற்ப டிரான்ஸ்ஃபோர்மில் இழுத்துப் பொருத்துங்கள். ஒட்டியதில் ஏதாவது கறையோ திரைச்சீலையோ இருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் இரட்டைப்பிள்ளை காட்டிக்கொடுக்கும். தனி லேயரில்தானே?

பத்திரிகைக்கு அனுப்பும் செய்திப் படத்தில் கிரேனை அழிக்கலாமா? (நிலாவெளி வாசகி)

கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஏதோ இடிக்கிறது. என்ன அது? (பெயரில்லாக் கடிதம்)

தண்ணீரைப் பாருங்கள். மேலே கிரேன் இல்லை, கீழே அதன் பிரதிபலிப்பு அப்படியே ஆடிக்கொண்டிருக்கிறது. பக்கத்துச் சுவரில் அதன் நிழலும் சாய்ந்து கிடக்கிறது. அவற்றையும் எடுங்கள்.